கிளாக் நிரலில் 11 வந்தால் நம்பாதீர்கள்: சரியான விடை 14

பேஜ் ரீப்ளேஸ்மென்ட் முறைகளை விளக்கப் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் ரெஃபரன்ஸ் ஸ்ட்ரிங் இது: 7 0 1 2 0 3 0 4 2 3 0 3 2 1 2 0 1 7 0 1. மொத்தம் 20 அணுகல்கள், 3 ஃபிரேம்கள். இதற்கு FIFO 15 பேஜ் ஃபால்ட் தரும், LRU 12, ஆப்டிமல் 9. கிளாக் முறையை C-யில் எழுதி ஓட்டியதும் திரையில் 11 என்று வந்தது. LRU-வைவிடக் குறைவு, ஆப்டிமலைவிட அதிகம். பார்க்க நியாயமான எண்தான் என்று விட்டதில் ஒரு மாலை முழுக்கப் போனது.

ஸ்ட்ரிங்கைப் படிப்பது, ஃபிரேம்களில் பக்கத்தைத் தேடுவது, ஹிட் ஆனால் அந்தப் பக்கத்தின் ரெஃபரன்ஸ் பிட்டை 1 ஆக்குவது எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக அமைந்தன. சிக்கல் முழுவதும் ஃபால்ட் பகுதியில் இருந்தது. சரியான வடிவம் இது:

```c
void fault(int p) {
    while (ref[hand]) {
        ref[hand] = 0;
        hand = (hand + 1) % N;
    }
    frame[hand] = p;
    ref[hand] = 1;
    hand = (hand + 1) % N;
}
```

கடைசி வரி விடுபட்டிருந்தது. பக்கத்தை மாற்றிய பிறகு `hand` என்னும் முள் அடுத்த ஃபிரேமுக்கு நகர வேண்டும். நகராவிட்டால் அடுத்த ஃபால்ட்டில் முள் முதலில் தொடுவது இப்போதுதான் உள்ளே வந்த பக்கத்தை. பாவம், அதன் பிட்தான் முதலில் அழியும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. 11 என்று மட்டும் சொல்லும்.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று உண்டு. கடைசி வரியைச் சரியாக வைத்துவிட்டு, `ref[hand] = 1` என்பதை 0 என்று எழுதினாலும் இதே ஸ்ட்ரிங்குக்கு விடை 11-தான். இரண்டு வெவ்வேறு பிழைகள், ஒரே எண். புதிதாக வந்த பக்கத்துக்கு ஏன் 1 என்று கேட்பவர்கள் உண்டு. ஃபால்ட் முடிந்ததும் அதே கட்டளை மறுபடி ஓடுகிறது. அப்போது அந்தப் பக்கம் நிஜமாகவே அணுகப்படுவதால் வன்பொருள் பிட்டை 1 ஆக்கிவிடும். அதைத்தான் சிமுலேஷனிலும் காட்ட வேண்டும்.

ஆகவே மொத்த எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டால் எதுவும் பிடிபடாது. ஒவ்வொரு அணுகலுக்குப் பிறகும் பக்கம், பிட், முள் மூன்றையும் அச்சிடுங்கள். நான்காவது அணுகல் (பக்கம் 2) முடிந்ததும் இப்படி வர வேண்டும்:

```
2  [2:1 0:0 1:0]  hand=1
```

இங்கே `hand=0` என்றிருந்தால் முள் நகரவில்லை. பிட் மூன்றும் 0 என்றிருந்தால் ஏற்றும்போது 1 போடவில்லை. ஃபிரேம்களில் உள்ள பக்கங்களை மட்டும் பார்த்தால் எட்டாவது அணுகல் வரை மூன்று நிரல்களும் ஒன்றுபோலவே தெரியும், ஒன்பதாவதில்தான் பிரியும். சரியான நிரலில் அப்போது 4, 2, 3 இருக்கும். பிழையானவை இரண்டிலும் 4, 0, 2.

அந்த இடத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஏழாவது அணுகல் முடிந்ததும் ஃபிரேம்களில் 2, 0, 3; மூன்றுக்கும் பிட் 1; முள் பக்கம் 2-இன்மேல். எட்டாவதாக 4 வருகிறது. முள் 2, 0, 3 மூன்றின் பிட்டையும் அழித்து ஒரு சுற்று சுற்றி, மறுபடி 2-க்கே வந்து அதை வெளியேற்றி 4-ஐ வைக்கிறது. பிறகு முள் பக்கம் 0-இன்மேல் நிற்கிறது. பக்கம் 0 ஒரு கணம் முன்புதான் அணுகப்பட்டது, ஆனால் அந்தச் சுவடு சுற்றில் அழிந்துவிட்டது. ஒன்பதாவதாக 2 வந்ததும் 0 வெளியே போகிறது. பதினோராவதில் அதே 0-க்காக மறுபடி ஃபால்ட்.

விடை 14 என்று FIFO-வை ஒட்டி நிற்பதற்கும் இதுவே காரணம். 14 ஃபால்ட்டில் முதல் 3 வெற்று ஃபிரேமை நிரப்பியவை. மீதி 11-இல் 5 தடவை (4, 8, 11, 14, 18-ஆம் அணுகல்கள்) எல்லாப் பிட்டும் 1 ஆக இருந்து முழுச் சுற்று நடக்கிறது. முழுச் சுற்று என்றால் முள் தொடங்கிய இடத்தில் இருப்பதே வெளியேறும். அந்தத் தடவைகளில் கிளாக் FIFO போலத்தான் நடந்துகொள்கிறது.

விடை சரியாக 15 வந்தால் ஹிட் பகுதியைப் பாருங்கள். அங்கே பிட்டை 1 ஆக்க மறந்திருப்பீர்கள். அப்படியானால் நிரல் முழுக்க FIFO ஆகிவிடும்.

இன்னொன்று: `frame`-ஐ குளோபலாக அறிவித்து -1 போடாமல் விட்டால் அதில் 0 இருக்கும். இந்த ஸ்ட்ரிங்கின் இரண்டாவது அணுகலே பக்கம் 0. வெற்று ஃபிரேமில் அது ஹிட் என்று பதிவாகிவிடும். இரண்டாவது வரியில் ஹிட் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் படிக்காமல் `frame`-க்கு -1 போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.