வளைந்த தராசுக் கம்பத்தின் நுனி எவ்வளவு நகரும்: விகார சக்தி முறையில் ஒரு கணிப்பு

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள மீன் வாடிகளில் தராசு தொங்கவிட ஒரு கம்பம் நடுவார்கள். நேராக நிற்கும் பைப்பின் மேல்முனையைக் கால் வட்டமாக வளைத்து, அதன் நுனியில் கொக்கி போட்டுத் தராசை மாட்டுவார்கள். சுமை ஏறியதும் அந்த நுனி எவ்வளவு தாழும், எவ்வளவு முன்னே சாயும் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. நேரான வளைக்கு எழுதிவைத்த சூத்திரங்கள் இந்த வடிவத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. வளைந்த பகுதியையும் நேரான பகுதியையும் ஒரே கையால் பிடிக்க, வளையும்போது பொருளுக்குள் தேங்கும் சக்தியைக் கொண்டு கணிக்கும் விகார சக்தி முறைதான் வசதி.

கல்லடிப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் வளைத்த கம்பத்தின் அளவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், வெளி விட்டம் 48.3 மி.மீ., சுவர்த் தடிப்பு 3.2 மி.மீ. நேரான பகுதியின் உயரம் H = 1.5 மீற்றர். வளைவின் ஆரை R = 0.6 மீற்றர். அடி கொங்கிறீற்றில் போல்ட் போட்ட தட்டில் வெல்ட் பண்ணப்பட்டிருக்கிறது. நுனியில் 20 கிலோ மீன் கூடையும் தராசும் சேர்ந்து ஏறத்தாழ P = 200 நியூற்றன் என்று வைத்தோம்.

முதலில் பைப்பின் விறைப்பு. உள் விட்டம் 41.9 மி.மீ. பரப்பின் இரண்டாம் திருப்பம் I = π(48.3⁴ − 41.9⁴)/64, அதாவது ஏறத்தாழ 115,860 மி.மீ.⁴. உருக்கின் யங் மட்டு E = 200,000 N/mm². இரண்டையும் பெருக்கி மீற்றருக்கு மாற்றினால் EI = 23,170 N·m². இந்த இடத்தில் மி.மீ.யையும் மீற்றரையும் கலந்துவிட்டால் பிறகு வருகிற விடை ஆயிரம், பத்து இலட்சம் என்று மடங்குகளில் பிழைக்கும். ஆகவே ஒரே அலகில் நின்றுகொள்வது நல்லது. நாங்கள் நியூற்றன், மீற்றர் என்றே போகிறோம்.

கஸ்டிக்லியானோ என்ற இத்தாலியப் பொறியியலாளர் 1873இல் தன் ஆய்வேட்டில் நிறுவிய தேற்றம்தான் அடிப்படை. பொருள் மீள்தன்மை எல்லைக்குள் நேர்கோட்டு விதிப்படி நடந்தால், உள்ளே தேங்கிய விகார சக்தியை ஒரு சுமை குறித்துப் பகுதி வகையிட, அந்தச் சுமையின் இடத்தில், அந்தச் சுமையின் திசையிலே ஏற்படும் நகர்வு கிடைக்கும். "அந்தத் திசையிலே" என்பதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிலைக்குத்துச் சுமையைக் கொண்டு வகையிட்டால் நிலைக்குத்து நகர்வு மட்டுமே கிடைக்கும்.

இனி வளைக்கும் திருப்பம் Mஐ எழுதவேண்டும். வளைவில் கோணம் φயை நுனியிலிருந்து தொடங்கி அளப்பதே சுகம். நுனியில் φ = 0, கம்பத்தின் தலையில் φ = 90°. கோணம் φ உள்ள இடத்துக்கும் நுனிக்கும் உள்ள கிடைத்தூரம் R sin φ. ஆகவே அங்கே திருப்பம் P R sin φ. நேரான பகுதி முழுவதும் நுனியிலிருந்து கிடையாக R தூரத்தில் நிற்பதால், அங்கே திருப்பம் மேலிருந்து கீழ்வரை மாறாமல் P R. கம்பத்தின் தலையில் இரண்டு கோவைகளும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்க்கவேண்டும். φ = 90° என்றால் sin φ = 1, ஆகவே இரண்டும் P R. பொருந்தாவிட்டால் தூரத்தை எங்கோ பிழையாக எடுத்திருக்கிறோம்.

சக்தியை முழுதாகத் தொகையிட்டுவிட்டுப் பிறகு வகையிடத் தேவையில்லை. தொகையிடலுக்கு உள்ளேயே முதலில் வகையிட்டுவிட்டால் வேலை பாதியாகக் குறையும்:

```
δ = ∫ (M/EI) (∂M/∂P) ds

வளைவு :  ds = R dφ,  φ: 0 → π/2
δ1 = πPR³/(4EI)

கம்பம் :  ds = dy,  y: 0 → H
δ2 = PR²H/(EI)
```

வளைவில் ds என்பதற்கு dφ என்று மட்டும் எழுதி Rஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அலகு பார்த்தாலே பிடித்துவிடலாம். R³ வரவேண்டிய இடத்தில் R² நின்றால் விடை மீற்றரில் வராது.

எண்களைப் போட்டால் வளைவின் பங்கு 1.46 மி.மீ., கம்பத்தின் பங்கு 4.66 மி.மீ., மொத்தம் 6.1 மி.மீ. கண்ணுக்கு வளைந்து தெரிவது மேல்பகுதி. ஆனால் தாழ்வில் நான்கில் மூன்று பங்கு வருவது நேராக நிற்கும் பகுதியிலிருந்து. காரணம் எளிது: கம்பத்தின் தலை சற்றே திரும்புகிறது, அந்தத் திரும்பல் R தூரத்தில் உள்ள நுனியைக் கீழே இழுக்கிறது. இதை வைத்தே விடையைச் சரிபார்க்கலாம். தலையின் திரும்பல் PRH/EI = 0.00777 ஆரையன். அதை 0.6 மீற்றரால் பெருக்கினால் அதே 4.66 மி.மீ. வருகிறது.

இனிக் கிடை நகர்வு. நுனியில் கிடையாக எந்தச் சுமையும் இல்லை, ஆகவே எதைக் குறித்து வகையிடுவது? இல்லாத ஒரு விசை Qவை நுனியில், கம்பத்தை விட்டு வெளியே போகும் திசையில் வைக்கிறோம். வகையிட்டு முடிந்ததும் அதைப் பூச்சியமாக்குகிறோம். இந்த வரிசை மாறக்கூடாது. முதலிலேயே Q = 0 போட்டால் வகையிட ஒன்றும் மிஞ்சாது, விடை பூச்சியமாகிவிடும்.

```
வளைவு :  M = PR sinφ + QR(1 − cosφ)
கம்பம் :  M = PR + Q(R + y)

∂/∂Q எடுத்து, பின் Q = 0 :
h1 = PR³/(2EI)
h2 = PR(RH + H²/2)/(EI)
```

கம்பத்தின் கோவையில் R + y என்று இருப்பதைக் கவனியுங்கள். yயைக் கம்பத்தின் தலையிலிருந்து அளக்கிறோம், ஆனால் Q இருப்பது தலைக்கு மேலே இன்னும் R உயரத்தில். அந்த R விடுபட்டால் கம்பத்தின் பங்கு 10.5 மி.மீ. வரவேண்டிய இடத்தில் 5.8 மி.மீ. என்று வரும். அலகு சரியாக இருக்கும், எண்ணும் நம்பும்படி இருக்கும், ஆனால் பிழை. முன்போல இதையும் சரிபார்க்கலாம்: தலை தானே முன்னே நகர்வது 5.83 மி.மீ., அதன் திரும்பல் R உயரத்தில் சேர்ப்பது 4.66 மி.மீ., கூட்டினால் 10.49.

குறி விடயத்திலும் அதே ஆபத்து. P கீழே இழுக்கும்போதும் Q வெளியே இழுக்கும்போதும் பைப் ஒரே பக்கமாகத்தான் வளைகிறது, ஆகவே இரண்டு உறுப்புகளுக்கும் ஒரே குறி. வளைவிலும் கம்பத்திலும் சேர்த்தே குறியைப் புரட்டினால் மொத்த விடை எதிர்க்குறியோடு வரும், உடனே தெரிந்துவிடும். வளைவில் மட்டும் புரட்டினால் 11.4 இருக்கவேண்டிய இடத்தில் 9.6 வரும். அது எந்தச் சந்தேகத்தையும் எழுப்பாது. சட்டகங்களில் மூலைக்கு மூலை திசை மாறும்போது பிழைப்பதும் இப்படித்தான். பைப்பின் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, அந்தப் பக்கத்தை இழுக்கும் திருப்பம் நேர் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. இங்கே அது வளைவின் வெளிப்பக்கம்.

வளைவின் பங்கு 0.93 மி.மீ.யைச் சேர்த்தால் கிடை நகர்வு 11.4 மி.மீ. சுமை நேர் கீழே இழுக்கிறது, ஆனால் நுனி தாழ்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு முன்னே போகிறது. தாழ்வை மட்டும் கணித்து நிறுத்திக்கொண்டால் பெரிய நகர்வு கணக்கிலேயே வராமல் போய்விடும்.

அச்சு விசையும் வெட்டு விசையும் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். இந்தப் பைப்பில் கம்பம் அச்சுவழியாகச் சுருங்குவது 0.003 மி.மீ., வளைவில் வெட்டினால் வருவது ஏறத்தாழ 0.005 மி.மீ. விடலாம். வளைவின் ஆரை பைப்பின் விட்டத்தைப் போல 12 மடங்கு இருப்பதால் நேரான வளையின் சக்திக் கோவையையே பயன்படுத்தியதும் சரி. கிரேன் கொக்கி போலத் தடித்து, இறுக்கமாக வளைந்த பொருளுக்கு இந்தக் கோவை போதாது. அங்கே தகைப்பு உட்பக்கம் கூடிப் பரவுவதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

கணிப்பை அளந்து பார்ப்பதென்றால் காலையில், கடல்காற்று எழும்ப முன்னர் செய்யவேண்டும். நுனியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, குண்டைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினால் ஆட்டம் அடங்கும். நூலுக்குப் பக்கத்தில் கிடையாக வைத்த அடிமட்டம் முன்னே போனதைக் காட்டும். தாழ்வுக்கு, கம்பத்தைத் தொடாமல் வேறாக நட்ட இரண்டு தடிகளுக்கு இடையே மேசன் நூல் கட்டி, நுனியில் ஒட்டிய அடிமட்டத்தை அந்த நூலோடு வாசிக்கலாம். முதலில் ஒருமுறை சுமையை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் ஆரம்ப வாசிப்பை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டுகளின் தளர்வும் நகர்வில் சேர்ந்துவிடும்.

அளந்தது கணிப்பைவிடக் கூட வந்தால், கூடிய அளவு எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதைப் பார்த்துக் காரணம் சொல்லலாம். பைப் மெல்லியது என்றால் இரண்டு நகர்வும் ஒரே வீதத்தில் கூடும். சுவர் 3.2க்குப் பதில் 2.9 மி.மீ. என்றால் இரண்டும் ஏறத்தாழ 8 வீதம் கூட வரும். அடித்தட்டு திரும்புகிறதென்றால் கதை வேறு. அடி β ஆரையன் திரும்பினால் நுனி R β தாழும், (H + R) β முன்னே போகும். 2.1ஐ 0.6ஆல் பிரித்தால் 3.5. உதாரணமாகத் தாழ்வு 7.3, முன் நகர்வு 15.6 என்று அளந்திருந்தால், கூடியவை 1.2 மற்றும் 4.2. விகிதம் 3.5. பைப்பில் குறை இல்லை, அடி 0.002 ஆரையன் திரும்பியிருக்கிறது. மெல்லிய தட்டு, கம்பத்துக்கு மிக நெருங்கிய போல்ட்டுகள், இறுகாத நட் ஆகிய மூன்றையும் அப்போது பார்க்கவேண்டும். கணிப்பில் அடி துளியும் அசையாது என்று எடுத்துக்கொண்டோம், மணல் நிலத்தில் சிறிய கொங்கிறீற் கட்டியின்மேல் நிற்கும் கம்பம் அப்படி இருக்காது.

நகர்வைக் குறைக்க வளைவைத் தடிக்கவைக்க வேண்டாம், வளைக்கவும் அது கஷ்டம். நேரான பகுதியை மட்டும் இரண்டு அங்குலப் பைப்பாக்கி (60.3 மி.மீ., சுவர் 3.6 மி.மீ.) அதன் தலையில் ஒன்றரை அங்குல வளைவை வெல்ட் பண்ணினால், கம்பத்தின் விறைப்பு 2.23 மடங்காகிறது. இரண்டு தொகையீடுகளிலும் கம்பத்தின் பங்கை மட்டும் 2.23ஆல் பிரித்தால் போதும்: தாழ்வு 6.1இலிருந்து 3.6 மி.மீ.க்கும், முன் நகர்வு 11.4இலிருந்து 5.6 மி.மீ.க்கும் இறங்குகிறது.