கண்ட நடை கையில் நிற்க: ஆதி தாளத்தில் ஒரு பயிற்சி முறை

சதுஸ்ர நடை பழகியவர்கள் கதிபேதத்துக்குள் வரும்போது முதலில் திஸ்ரம் எடுப்பது வழக்கம். 'தகிட' காதுக்குப் பழகிய ஓட்டம் என்பதால் அதிகத் தொந்தரவில்லாமல் வந்துவிடும். மல்லுக்கட்ட வேண்டியிருப்பது கண்டத்தில்தான். அது சரியாகப் பிடிபட்டால் மிஸ்ரத்துக்கும் சங்கீர்ணத்துக்கும் அதே வழிதான். அதனால் கண்டத்தையே விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டிய குழப்பம் ஒன்று உண்டு. 'தகதகிட' என்று சொன்னாலே கண்ட நடை ஆகிவிடாது. சதுஸ்ர நடையில், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்ற அதே ஓட்டத்தில், ஐந்தைந்தாகச் சேர்த்தும் சொல்லலாம். அது ஜாதி, அதாவது சொற்களைக் கட்டும் விதம். அப்போது 'தகதகிட'வின் தொடக்கம் ஒவ்வொரு தட்டிலிருந்தும் நழுவிக்கொண்டே போகும். ஒரு ஆவர்த்தனத்தின் 32 மாத்திரையில் ஆறு தடவை சொன்னபின் இரண்டு மிஞ்சும். நடை மாறினால் மாத்திரையின் நீளமே மாறுகிறது. கை அசையாமல் அதே வேகத்தில் இருக்க, ஒரு அட்சரத்துக்குள் ஐந்து மாத்திரை சமமாக உட்கார வேண்டும். ஆவர்த்தனத்துக்கு 40 மாத்திரை, எட்டுத் 'தகதகிட', மிச்சம் எதுவும் கிடையாது.

'சமமாக' என்பதில்தான் முதல் கோளாறு. பெரும்பாலானவர்கள் அட்சரத்தைத் தெரியாமலே இரண்டாக வெட்டி, முன்பாதியில் 'தக', பின்பாதியில் 'தகிட' என்று வைத்துவிடுகிறார்கள். தட்டு சரியாக விழுவதால் தப்பு சொல்பவருக்கே கேட்காது. அடுத்த ஆள் மிருதங்கத்தில் சுத்தமான கண்டம் வாசித்தால்தான் இரண்டும் உரசும்.

இதைக் கண்டுபிடிக்க மெட்ரோனோம் போதும். நிமிடத்துக்கு 60 என்று கை போடுகிறீர்கள் என்றால் மெட்ரோனோமை 120ல் வையுங்கள். இப்போது ஒவ்வொரு அட்சரத்தின் நடுவிலும் ஒரு 'டிக்' கேட்கும். அந்த நடு டிக்கும் மூன்றாவது சொல்லான 'த'வும் சேர்ந்தே விழுந்தால் நீங்கள் வெட்டிச் சொல்கிறீர்கள். சரியான கண்டத்தில் 'த' டிக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிடும், 'கி' அதே அளவு பின்னால் வரும். டிக், மூன்றாவது மாத்திரையின் வயிற்றில் விழ வேண்டும்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி, தாளத்திலிருந்து ஆரம்பிக்காமல் வாயிலிருந்து ஆரம்பிப்பது. கையைக் கட்டிக்கொண்டு 'த க த கி ட' என்று ஐந்தையும் ஒரே அளவில், நிதானமாக, எந்தச் சொல்லையும் அழுத்தாமல் சொல்லிக்கொண்டே போங்கள். ஓட்டம் நிலைத்தபின் முதல் 'த'வில் மட்டும் கையை இறக்குங்கள். சொல் கையைக் கூட்டி வரட்டும். பிறகு அதே ஓட்டத்தில் ஐந்துக்குப் பதிலாகத் 'தகதிமி' சொல்லுங்கள், கை மட்டும் பழையபடி ஐந்து மாத்திரைக்கு ஒரு தடவை இறங்கட்டும். ஐந்து 'தகதிமி' நான்கு அட்சரத்தில் முடியும். நடுவில் தட்டு 'க'விலும் 'தி'யிலும் 'மி'யிலும் விழும். இது தடுமாறாமல் வந்தால் ஐந்து மாத்திரையும் சமம் என்று நம்பலாம். வெட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தால் இங்கே ஒளிய இடமில்லை, முதல் சுற்றிலேயே கை நின்றுவிடும்.

அடுத்தது நடை மாறும் இடம். ஒரு ஆவர்த்தனம் சதுஸ்ரம், ஒரு ஆவர்த்தனம் கண்டம் என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது, கண்டத்தின் முதல் 'த' சமத்தில் சரியாக வந்துவிடும். இரண்டாவது சொல் பழைய சதுஸ்ர இடத்திலேயே தாமதமாக விழும், மீதி மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும். எட்டாவது அட்சரமான வீச்சில் வாய் இன்னும் 'தகதிமி' சொல்லிக்கொண்டிருக்க, மனசு அதற்குள் ஐந்தை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது கோளாறு தலைகீழ்: சதுஸ்ரம் இழுப்பதுபோல் தோன்றும், அதனால் அவசரப்பட்டுத் தாளத்தையே தூக்கிவிடுவார்கள்.

இனி ஒரு தீர்மானம். கண்ட நடையில் ஒரு ஆவர்த்தனத்துக்கு 40 மாத்திரை வேண்டும். ஒரே சொற்கட்டு மூன்று தடவை, இடையில் இரண்டு கார்வை. சொற்கட்டு 10, கார்வை 5 என்று வைத்தாலும் கணக்கு வரும்; ஆனால் ஒவ்வொரு தொடக்கமும் தட்டிலேயே விழுவதால் சப்பென்று இருக்கும். சொற்கட்டு 12, கார்வை 2 என்பதில்தான் ருசி. 'தகதகிட' 5, 'தீ' கார்வையோடு 2, 'ததிங்கிணதொம்' 5, ஆக 12. மூன்று தடவைக்கு 36, இரண்டு கார்வைக்கு 4. அட்சரவாரியாக எழுதினால் இப்படி வரும் (காற்புள்ளி ஒரு மாத்திரை மௌனம்):

1. த க த கி ட
2. தீ , த திங் கி
3. ண தொம் , , த
4. க த கி ட தீ
5. , த திங் கி ண
6. தொம் , , த க
7. த கி ட தீ ,
8. த திங் கி ண தொம்

கவிழும் இடங்கள் இரண்டு. ஐந்தாவது அட்சரம் முதல் திருதத்தின் தட்டு. அங்கே வாயில் சொல்லே இல்லை. கை பலமாக இறங்குவதால் நான்காவதன் கடைசியில் வர வேண்டிய 'தீ'யைத் தட்டு வரை இழுத்துவிடுவார்கள், பின்னால் எல்லாம் ஒரு மாத்திரை தள்ளிப்போகும். இன்னொன்று ஆறாவது வீச்சு. அங்கே 'தொம்' சரியாகக் கை திரும்பும் நேரத்தில் விழுவதால் முடிந்துவிட்ட நிம்மதி வந்து கார்வை நீளும். தள்ளிப்போனதா என்று பார்க்க எளிய வழி, கடைசி 'ததிங்கிணதொம்' எட்டாவது வீச்சில் ஆரம்பிக்கிறதா என்று கவனிப்பது. அங்கே வரவில்லையென்றால் சமத்தில் எப்படியோ வந்து சேர்ந்தாலும் அது ஒட்டுப்போட்டது. ஒட்டுப்போடுவதில் தேர்ந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அதைக் கச்சேரி மேடையில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மிஸ்ரத்தில் 'தகிட தகதிமி'. அங்கேயும் முன்பாதியில் மூன்று, பின்பாதியில் நான்கு என்று வெட்டும் ஆபத்து அப்படியே உண்டு. நடு டிக் நான்காவது மாத்திரையின், அதாவது 'தகதிமி'யின் முதல் 'த'வின், நடுவில் விழ வேண்டும். சங்கீர்ணத்தைத் 'தகதிமி தகதகிட' என்று சொன்னால் ஐந்தாவதன் நடுவில்.

இவற்றில் வேகம் வேறு குறுக்கே வரும். 60ல் மிஸ்ரம் என்றால் வினாடிக்கு ஏழு சொல், நாக்கு தாங்கும். அதே 60ல் சங்கீர்ணம் ஒன்பது. சொல் குழைந்து போய், சமமாக இருக்கிறதா என்று சொல்பவருக்கே தெரியாது. சங்கீர்ணத்துக்குத் தாளத்தை 40 வரை இறக்கிக்கொண்டால் வினாடிக்கு ஆறு சொல்தான். ஆனால் அந்த விளம்பத்தில் கை தானாகவே தளரும். ஆகவே சங்கீர்ணப் பயிற்சியின்போது மட்டும் மெட்ரோனோமை அணைக்காமல், அட்சரத்துக்கு ஒரு டிக் என்று ஓடவிடுவது நல்லது.