மகனின் பசிக்குக் காரணம் தேடிய ஒன்றரை வருடம்

மகன் பிறந்தபோது 3.1 கிலோ. ஒரு வயதில் 14 கிலோ, இரண்டு வயதில் 20, மூன்று வயதில் 26. நாலு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது மரபியல் மருத்துவரின் அறையில் எடை பார்த்தார்கள்: 31 கிலோ, உயரம் 110 செ.மீ. அவனைவிட இரண்டு வயது சின்னவளான மகள் அதே வீட்டில், அதே சாப்பாட்டில், அவள் வயதுக்கு ஏற்ற எடையில்தான் இருந்தாள்.

இதை நாங்கள் முதலில் போன மருத்துவமனையிலும் சொன்னேன். "அம்மா கையில்தான் இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் கொடுக்காதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் எவ்வளவு கொடுக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்த அரை மணி நேரத்தில் அவன் மறுபடி பசிக்கிறது என்று அழுவான். அது அடம் பிடிக்கிற அழுகை இல்லை. இரண்டு குழந்தைகளை வளர்ப்பவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் தெரிகிறது என்று சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? இரண்டு வருடம் என்னையே குறை சொல்லிக்கொண்டு கழித்தேன். அப்புறம்தான் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்துவிட்டு மரபியல் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே மருத்துவர் எடையைவிட உயரத்தைத்தான் முதலில் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். தைராய்டு குறைவு, கார்டிசால் மிகுதி போன்ற ஹார்மோன் கோளாறால் எடை ஏறுகிற குழந்தை, பெரும்பாலும் உயரத்தில் பின்தங்கிவிடும். இவன் வயதுக்கு மீறிய உயரத்தில் இருந்தான். அதனால் அந்தப் பக்கம் சந்தேகம் குறைவு, இருந்தாலும் ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடலாம் என்றார். பிறகு கை கால் விரல்களை எண்ணினார், பார்வையைச் சோதித்தார், பிறந்த புதிதில் பால் நன்றாக உறிஞ்சினானா, உடம்பு தொய்வாக இருந்ததா என்று கேட்டார். கூடுதல் விரல், மங்கும் பார்வை, பிறந்த சில மாதங்களில் உறிஞ்சக்கூடத் தெம்பில்லாத தளர்வு இவையெல்லாம் எடையோடு சேர்ந்து வரும் சில அரிய நோய்த்தொகுதிகளின் அடையாளங்கள். இவனிடம் எதுவும் இல்லை. பசியும் எடையும் உயரமும் மட்டும்தான்.

அடுத்த வாரம் மரபணு ஆலோசகரோடு ஒன்றரை மணி நேரம். எனக்கு இந்த முழு அனுபவத்திலும் அதிகம் கற்றுக்கொடுத்த நேரம் அதுதான். ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை வரைந்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நாங்கள் உறவுக்குள் திருமணம் செய்தவர்களா என்று கேட்டார், இல்லை என்றோம். அப்படியானால் அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்து சேர்கிற வகை நோய்களுக்கு வாய்ப்பு குறைவு என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் அப்பாவுக்கு நாற்பதுக்கு மேல் தொப்பை, சர்க்கரை. என் தம்பிக்குக் கடந்த ஐந்து வருடமாக எடை ஏறுகிறது. கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கனத்தவர். மாமியார் எப்போதும் பருமன். கணவர் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல, இரண்டு பக்கமும் பருமனானவர்கள் இருக்கிறார்களே, எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று தோன்றியது.

ஆலோசகர் ஒவ்வொரு வட்டத்துக்கும் சதுரத்துக்கும் கீழே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எந்த வயதிலிருந்து?"

எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சின்ன வயசுப் புகைப்படங்களைத் தேடி எடுத்து வரச் சொன்னார். ஐந்து வயதில் கணவர் இருந்த படத்தைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மகன்தான். அதே கன்னம், அதே வயிறு, கூட நிற்கும் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். பதினைந்து வயதுக்குப் பிறகு பசி கொஞ்சம் அடங்கியதாகவும் விளையாட்டில் எடை குறைந்ததாகவும் அவர் அப்போதுதான் சொன்னார். நாத்தனாரின் படங்களில் அவர் ஒல்லியான பெண்.

தாளைத் திருப்பிக் காட்டி ஆலோசகர் விளக்கினார். என் அப்பா, தம்பி, நாத்தனார் போல வயது ஏறி, வாழ்க்கை மாறி எடை கூடுவது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து செய்கிற வேலை. ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம்தான். 2007-இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ என்ற மரபணுவில் உள்ள மாற்றம்தான் அவற்றில் பெரியது. அதை இரண்டு பிரதியாக வைத்திருப்பவர்கள்கூட, ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோதான் கூடுதல். ஆனால் நடக்கப் பழகும் முன்பே எடை ஏறி, தீராத பசியும் இருந்து, அது ஒரே பக்கத்தில் தலைமுறை விட்டுப் போகாமல் நேராக இறங்கி வந்தால், ஒற்றை மரபணுவைத் தேடிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. மாமியார், கணவர், மகன் என்று ஒரு கோடு போட்டார்.

கணவருக்கு ஒரு சந்தேகம். "சாப்பிடாமல் எடை ஏறுமா? உள்ளே போவதுதானே உடம்பில் சேர்கிறது?" என்று கேட்டார். எனக்கு அது என்னைக் குத்துவதுபோல் இருந்தது, ஆனால் கேட்டது நல்லதுதான். ஆலோசகர் கனடாவில் நடந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். ஒரே உருவ இரட்டையரான 12 ஜோடி இளைஞர்களுக்கு, தேவைக்கு மேல் தினம் 1000 கலோரி வீதம் 84 நாட்கள் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல்தான். ஒருவருக்கு ஏறியது 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரு ஜோடிக்குள் இருந்த இருவருக்கும் இடையிலான வித்தியாசம், வெவ்வேறு ஜோடிகளுக்கு இடையில் இருந்ததைவிட மிகக் குறைவு. சேர்வது சாப்பாடுதான், ஆனால் எவ்வளவு சேர்கிறது என்பதில் மரபணு தலையிடுகிறது. எவ்வளவு பசிக்கிறது என்பதில் இன்னும் அதிகமாகத் தலையிடுகிறது என்றார்.

ரத்தம் எடுக்கும் முன் ஓர் எச்சரிக்கை சொன்னார். இவனைப் போன்ற குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனையில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் மரபணு காரணமில்லை என்று அர்த்தமில்லை, அவர்கள் சோதிக்கும் பட்டியலில் உள்ள மரபணுக்களில் பழுது இல்லை என்றுதான் அர்த்தம். இதை எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். கிடைக்காவிட்டால் வீட்டில் மறுபடி பேச்சு என் பக்கம் திரும்பும் என்று பயம்.

ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. எம்சி4ஆர் என்ற மரபணுவில், இரண்டு பிரதிகளில் ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வகைப்படுத்தியிருந்தார்கள். பதில் கிடைத்துவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது, மருத்துவர் நிறுத்தினார். எல்லோருடைய மரபணுவிலும் எழுத்து மாற்றங்கள் உண்டு, பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. இது பழுதா, வெறும் வேறுபாடா என்று இன்னும் தெரியாது. இந்த நிலையில் இதை நோய்க் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது என்றார்.

தெரிந்துகொள்ளக் குடும்பத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. கணவர், நான், மாமியார், நாத்தனார் நாலு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வருவதற்கு முன்பே ஆலோசகர் வரைபடத்தில் பென்சிலால் குறித்து வைத்தார்: கணவருக்கும் மாமியாருக்கும் இருக்க வேண்டும், நாத்தனாரிடம் இருக்கக் கூடாது. நாத்தனார் இப்போது கணவரைவிடக் கனம். இருந்தாலும் அவர் சின்ன வயதில் ஒல்லி என்பதால் இப்படிக் கணித்தார். அப்படியே வந்தது. நாலு பேர் முடிவு மட்டும் போதுமான சாட்சி இல்லை, தற்செயலாகக்கூட அமையலாம். ஆனால் அதே மாற்றத்தை ஆய்வகத்தில் செல்களில் வைத்துப் பார்த்தவர்கள், அது உருவாக்கும் புரதம் செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேரவில்லை என்று முன்பே வெளியிட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து ஆய்வகம் அறிக்கையைத் திருத்தி, "நோய் உண்டாக்கக்கூடியது" என்று எழுதியது.

அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிந்தபோதுதான் மகனின் அழுகை எனக்குப் புரிந்தது. உடம்பில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறது என்று கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் மூளைக்குத் தகவல் கொண்டுபோகிறது. மூளையில் அந்தத் தகவல் கைமாறி, "போதும்" என்ற உணர்வாக மாறுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது எம்சி4ஆர். அவனுக்குத் தகவல் ஒழுங்காகப் போகிறது, வாங்கிக்கொள்பவற்றில் பாதி இல்லை. வயிறு நிறைந்த பிறகும் மூளைக்குப் போதும் என்று சரியாகப் போய்ச் சேர்வதில்லை. வயது ஏறும்போது இந்தப் பசி ஓரளவு தணியும் என்று மருத்துவர் சொன்னார், கணவருக்கு நடந்ததும் அதுதான்.

மருந்து உண்டா என்று கேட்டேன். இதே பாதையில் வேறு மரபணுக்கள் பழுதானவர்களுக்கு செட்மெலனோடைட் என்ற ஊசிக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எம்சி4ஆரில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு அது அனுமதிக்கப்படவில்லை. இவன் வளர்ந்த பிறகு வேறு மருந்துகளைப் பற்றி யோசிக்கலாம் என்றார். இப்போதைக்கு எடையைக் குறைப்பது எங்கள் இலக்கே இல்லை, உயரம் ஏறுகிற வேகத்துக்கு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான்.

வீட்டில் மாற்றியது ஒன்றே ஒன்று: பசியோடு அவனைச் சண்டை போட விடுவதில்லை. கண்ணில் படும் இடத்தில் சாப்பிடும் பொருள் எதுவும் இல்லை. சமையலறை அலமாரிக்குப் பூட்டு உண்டு, அது அவனுக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும். அடுத்த வேளை எப்போது என்று கடிகாரத்தில் காட்டிவிடுகிறோம். எப்போது கிடைக்கும் என்று தெரிந்தால் அழுகை பாதியாகிறது. "போதும் என்று சொல்லேன்" என்று அவனிடம் கேட்பதை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டேன். இல்லாத உணர்வை எங்கிருந்து சொல்வான்? இதையெல்லாம் கோட்டைவிட்ட மாதங்களும் உண்டு. இரண்டு வாரம் உறவினர் வீட்டில் தங்கியதில் ஒன்றரை கிலோ ஏறியது.

மகளுக்குச் சோதனை செய்யவில்லை. அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது, ஆனால் எடையும் பசியும் சாதாரணமாக இருக்கிற குழந்தைக்கு இப்போது அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்று மருத்துவர் சொன்னார். பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும்.

போன மாதம் பார்த்தபோது மகனுக்கு ஐந்து வயது எட்டு மாதம். 36 கிலோ, 122 செ.மீ. பிஎம்ஐ 25.6-இலிருந்து 24.2-க்கு வந்திருக்கிறது. மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார், வளைவு முதல் தடவையாகக் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

மாமியாரிடம் திருத்திய அறிக்கையைப் படித்துக் காட்டியது நான்தான். எழுபது வயது அவருக்கு. சின்ன வயதில் ராத்திரி எழுந்து திருட்டுத்தனமாகச் சாப்பிட்டு, அதற்காக அடி வாங்கியதைச் சொன்னார். கணவருக்கே அதுவரை அது தெரியாது. தன் பெயர் எழுதியிருந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.