அரபியில் ஒரு மழைப்பாட்டு அமைந்துவிட்டது

குழந்தைகள் பாட நாலு வரி கேட்டிருந்தார்கள். ஒருவழியாக முடிந்தது:

மதருன் மதருன் ஃபவ்கஷ் ஷஜரி
கதராத்துன் தல்மஉ கத்துரரி
யா கைமு தஆல மஅல் மதரி
லினரல் அல்வான அலஸ் ஸஹரி

மழை, மழை, மரங்களின் மேலே. முத்துகளாய் மின்னும் துளிகள். மேகமே, மழையோடு வா. பூக்களில் நிறங்களைப் பார்க்கலாம்.

யாப்பு கபப். வரிக்கு நாலு சீர், ஒவ்வொன்றும் ‘தனனா’ அல்லது ‘தானா’. மதருன் தனனா, ஃபவ்கஷ் தானா. கைதட்டிப் பாட இதைவிடத் தோதான சந்தம் அரபியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மல்லுக்கட்டியது இயைபோடுதான். கடைசி ‘ர்’ ஒத்தால் போதாது, அதில் ஏறும் உயிரும் ஒக்க வேண்டும். அந்த உயிரோ வேற்றுமைக்கு வேற்றுமை மாறும்: எழுவாயானால் மதரு, செயப்படுபொருளானால் மதர, முன்னிடைச்சொல்லுக்குப் பின் மதரி. ‘நஸலல் மதரு’ (மழை பெய்தது) என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அடுத்த வரி ‘துரரி’ என்று முடிகிறதே! உகரமும் இகரமும் இப்படி மோதுவதற்கு இக்வா என்று பெயர். பழம்பெரும் புலவர் நாபிகாவின் பாட்டிலேயே இது இருந்ததாம். மதீனாவில் ஒரு பாடகி கடைசி உயிரை நீட்டிப் பாடியபோதுதான் அவர் காதுக்கே பிடிபட்டது என்று கதை சொல்வார்கள். அதனால் நாலு இயைபுச் சொல்லையும் இகரம் கேட்கும் சொற்களுக்குப் பின்னால் வைத்தேன்: ஃபவ்க (மேலே), க (போல), மஅ (உடன்), அலா (மீது). ‘ஷஜர்’ என்று நிறுத்திப் படித்தால் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் கடைசிச் சீர் குறுகி, பாட்டு நொண்டும்.

இனி சொற்கள். கதராத் என்பது துளிகள், ஒருமை கத்ரா. அஃறிணைப் பன்மைக்குப் பெண்பால் ஒருமை வினை வரும், அதனால்தான் தல்மஉ (மின்னுகிறது). துரர் பெரிய முத்துகள், ஒருமை துர்ரா. கைம் மேகம், மொத்தமாகச் சொல்லும் ஆண்பால் பெயர். ஒற்றை மேகமான ‘கைமா’வைப் போட்டால் வினையும் ‘தஆலய்’ என்று பெண்பாலாகும், சந்தமும் உடையும். தஆல என்றால் ‘வா’. இந்தப் பொருளில் ஏவலாக மட்டுமே வரும். லினரா ‘நாம் பார்க்க’, வேர் ர-அ-ய. நிகழ்காலத்தில் நடுவிலுள்ள ஹம்ஸா விழுந்துவிடுவதால் பிள்ளைகளுக்கு வேர் தெரியாது, சொல்லிக்கொடுக்க வேண்டும். அல்வான் நிறங்கள், ஒருமை லவ்ன். ஸஹர் பூக்கள், ஸாய் எழுத்தும் மெல்லிய ஹாவும். அழுத்த ஹாவும் ஸீனும் போட்டால் விடியற்காலை ஆகிவிடும். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, அரபு எழுத்திலேயே காட்டுங்கள்.

அப்புறம், இடி மின்னலுக்கும் ஒன்று தொடங்கியிருக்கிறேன்: ‘ரஃதுன் யஹ்கீ, பர்குன் யஜ்ரீ’. இடி கதை சொல்கிறது, மின்னல் ஓடுகிறது. நாலு சீரும் தானா, இடிக்கு அந்தக் கனம் பொருந்துகிறது. ஜோடி வரிதான் இன்னும் சிக்கவில்லை.