விடுமுறை வாரண்ட்: கிளிநொச்சியிலிருந்து நானுஓயாவுக்கு

அரச ஊழியருக்கு ரயிலில் காசில்லாமல் போய்வரக் கொடுக்கும் விடுமுறை வாரண்ட் கையில் இருந்தால் ரயிலில் இடமும் கிடைத்துவிடும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள். வாரண்ட் பயணக் கட்டணத்துக்கு மட்டுந்தான். ஆசனத்தை நாங்கள்தான் தனியாகப் பதிய வேண்டும். ஆகவே திகதியைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

கிளிநொச்சியில் வேலை செய்யும் ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஆகஸ்ட் 20 நுவரெலியாவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஆசனப் பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கும். அதாவது ஜூலை 21. பள்ளிக்கூட விடுமுறைக் காலமென்றால் மலையகப் பாதை ஆசனங்கள் அன்று காலையே முடிந்துவிடும். அதனால் ஜூலை நடுப்பகுதிக்குள் வாரண்ட் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஜூன் கடைசியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை லீவு. பொது 125அ படிவத்தை நிரப்பி, பதில் கடமை பார்ப்பவரின் கையொப்பத்தை வாங்குங்கள். படிவம் மேசையில் தூங்குவது பெரும்பாலும் இந்தக் கையொப்பம் இல்லாமல்தான். அமைய லீவு ஆண்டுக்கு 21 நாள் இருந்தாலும் ஒரேயடியாக 6 நாளுக்கு மேல் எடுக்க முடியாது. அதைவிட நீண்ட பயணமென்றால் ஓய்வு லீவில் போடுங்கள்.

லீவு அங்கீகாரமானதும் வாரண்ட் விண்ணப்பம் விடய எழுதுநரிடம் போகும். அவர் சுயவிபரக் கோவையைப் பார்த்து மனைவி, பிள்ளைகளின் பெயர்களைச் சரிபார்ப்பார். கடைசியாகப் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கோவையில் இல்லையென்றால் அதிலேயே ஒரு கிழமை போய்விடும். முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். எத்தனையாம் வகுப்பு என்பது உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது.

நிலையப் பெயரில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். நுவரெலியாவில் புகையிரத நிலையம் இல்லை. ‘நானுஓயா’ என்றுதான் எழுத வேண்டும். வடக்குப் பாதையும் மலையகப் பாதையும் பொல்காவலையில் சேர்வதால் கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. ‘கிளிநொச்சி முதல் நானுஓயா வரை, பொல்காவலை ஊடாக’ என்று கேளுங்கள். ரயில் இரண்டு என்பதால் ஆசனப் பதிவும் இரண்டு. முதல் ரயில் பிந்தும் என்பதை எண்ணி, இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள்.

முல்லைத்தீவுக்காரருக்கு ரயிலே இல்லை. ஏ34 வழியாக மாங்குளத்துக்கோ, புதுக்குடியிருப்புப் பக்கமென்றால் ஏ35 வழியாகப் பரந்தனுக்கோ பஸ்ஸில் வரவேண்டும். அந்தக் காசு சொந்தக் காசு. ஏறப்போகும் நிலையத்தை முதலே தீர்மானித்து விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

வாரண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசியுங்கள். பெயர், ஆட்களின் எண்ணிக்கை, திகதி, முத்திரை எல்லாம் பார்க்க வேண்டும். வெட்டி எழுதியிருந்தால் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். பிழையென்றால் அதை ரத்துச் செய்து புதிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களே பேனையால் திருத்தப் போக வேண்டாம்.