ஆர்ஓ ரிஜெக்டில் படியாத ஜிப்சம்

கால்சியம் சல்பேட் உப்பான ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் 25 டிகிரியில் ஏறத்தாழ 2.6 × 10⁻⁵. வர்க்கமூலம் எடுத்தால் லிட்டருக்கு 5 மில்லிமோல் கரைய வேண்டும். ஆனால் வெறும் தண்ணீரில் போட்டுக் கலக்கினாலே 15 மில்லிமோல் வரை கரைகிறது. உப்புத் தண்ணீரில் இன்னும் அதிகம். கல்லூரியில் இந்த இடைவெளியை யாரும் எங்களுக்குச் சொன்னதாக நினைவில்லை. சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலைக்கு வந்த பிறகு அது தினசரி விஷயமாகிவிட்டது.

புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் ஒருவர் ஆர்ஓ கடைசிக் கட்டத்து ரிஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்தார். ரிஜெக்ட் என்பது மெம்பரேனைத் தாண்டாமல் வெளியேறும் செறிநீர். லிட்டருக்குக் கால்சியம் 400 மில்லிகிராம், சல்பேட் 1,920 மில்லிகிராம், மீதி பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு. டீடிஎஸ் சுமார் 20,000. மில்லிமோலில் கால்சியம் 10, சல்பேட் 20. பெருக்கினால் 2 × 10⁻⁴.

“சார், எல்லையை விட எட்டு மடங்கு கிட்ட இருக்கு. இந்தக் கணக்குப்படி மெம்பரேன் இந்நேரம் அடைச்சிருக்கணுமே?”

அடைக்கவில்லை. அழுத்த வேறுபாடும் ஏறவில்லை. ஆன்டிஸ்கேலண்ட் காப்பாற்றுகிறது என்று அவர் நினைத்தார். அது படிகம் உருவாவதைத் தள்ளிப்போடுமே தவிரக் கரைதிறனைக் கூட்டாது. இங்கே அதற்கு வேலையே இல்லை.

அவருடைய தாளிலேயே கணக்கைத் தொடர்ந்தோம். ஒவ்வொரு அயனியின் செறிவையும் அதன் மின்சுமையின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்கினால் அயனி வலிமை. சோடியம் 0.32, குளோரைடு 0.30 மோல் சேர்த்தால் 0.37 வருகிறது. இவ்வளவு அயனிகளுக்கு நடுவே ஒரு கால்சியம் அயனி தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றி எதிர்மின் அயனிகள் சற்றே அதிகமாகக் கூடுகின்றன. சல்பேட்டைச் சுற்றி அதேபோல நேர்மின் அயனிகள். அந்தச் சூழல் இரண்டின் ஆற்றலையும் குறைத்துவிடுவதால், ஒன்றையொன்று பிடித்துப் படிகமாகும் நாட்டமும் குறைகிறது. எத்தனை அயனி இருக்கிறது என்பது செறிவு. எத்தனை இருப்பதுபோல நடந்துகொள்கிறது என்பது ஆக்டிவிட்டி. இரண்டுக்கும் உள்ள விகிதமே ஆக்டிவிட்டி குணகம்.

அயனி வலிமையிலிருந்து குணகத்தைத் தரும் டேவிஸ் சமன்பாட்டில் போட்டால் இரட்டை மின்சுமை அயனிக்கு அந்தக் குணகம் 0.285. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் இவ்வளவு விழாது, ஏனென்றால் மின்சுமையின் வர்க்கம் மடக்கையில் வந்து உட்காருகிறது. இரண்டு அயனியின் குணகத்தையும் பெருக்கினால் 0.08. எட்டு மடங்கு என்று பயமுறுத்திய விகிதம் 0.62 ஆகிவிட்டது. கால்சியமும் சல்பேட்டும் கரைசலிலேயே ஜோடியாகத் திரிவதையும் கழித்தால் பாதிக்கும் கீழே. ஜிப்சம் படிய வழியே இல்லை.

இதைக் கேட்டதும் ப்ரொடக்‌ஷன் ஆட்கள் ரெகவரியை, அதாவது மீட்டெடுக்கும் நல்ல தண்ணீரின் பங்கை, கூட்டலாமே என்பார்கள். ரிஜெக்டைப் பாதியாக்கினால் எல்லாச் செறிவும் இரட்டிக்கும், அயனிப் பெருக்கம் நான்கு மடங்காகும். குணகமோ அதே வேகத்தில் இறங்கி ஈடுகட்டாது. டேவிஸ்படி 0.285 லேசாக ஏறி 0.32 ஆகிறது. விகிதம் 3.2. ஜோடிகளைக் கழித்தால் ஒன்றை ஒட்டி நிற்கும். மெம்பரேன் பரப்பை ஒட்டிய நீர் மொத்த ரிஜெக்டை விடச் செறிவானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி ஆன்டிஸ்கேலண்டுக்கு உண்மையிலேயே வேலை உண்டு. தவறினால் கடைசி எலிமென்டில்தான் முதலில் தெரியும். அந்தப் படிவில் ஆசிட் விட்டால் கால்சியம் கார்பனேட் போல நுரைக்காது, ஆசிட் கழுவலுக்கும் அசையாது.

அந்த 0.32-ஐயும் நான் முழுதாக நம்புவதில்லை. டேவிஸ் சமன்பாடு அயனி வலிமை 0.5 வரைக்கும்தான் தைரியமாகப் பயன்படுத்தக்கூடியது; செறிவு இரட்டித்த ரிஜெக்டிலோ அது 0.74. எவாப்பரேட்டர் செறிநீருக்கு அதைப் போட்டால் வரும் எண் வெறும் எண். அங்கே அதிகச் செறிவுக்கும் பொருந்தும் பிட்சர் முறை வேண்டும். PHREEQC மென்பொருளில் pitzer.dat கோப்பைத் தேர்ந்தால் அது கிடைக்கும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கிளாபர் உப்பு. சாயப்பட்டறையில் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக சோடியம் சல்பேட் போட்டால் பின்னணி உப்பே சல்பேட்டாகிவிடுகிறது. அதே 10 மில்லிமோல் கால்சியம், அதே 0.37 அயனி வலிமை, ஆனால் சல்பேட் 113 மில்லிமோல். குணகம் அதே 0.285-தான். விகிதமோ 0.62 அல்ல, 3.5. ஜோடிகளைக் கழித்த பிறகும் எல்லையைத் தொட்டு நிற்கும். டீடிஎஸ் மீட்டரைப் பார்த்து இந்த மாற்றத்தைப் பிடிக்க முடியாது. அதனால் உறுப்பினர் பட்டறைகள் உப்பை மாற்றினால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். சல்பேட் சோதனையும் இப்போது ஷிஃப்டுக்கு ஒருமுறை.