வீடில்லை யாருக்கு?

நாடாது நட்டலிற் கேடில்லை நட்டபின்
வீடில்லை நட்பாள் பவர்க்கு.

பொருட்பாலில் நட்பாராய்தல் அதிகாரத்தின் முதல் குறள் இது, எண் 791. மாணவர்களுக்கான எளிய உரைத் தொகுப்புக்கு வந்த வரைவில் இந்தக் குறளுக்கு எழுதப்பட்டிருந்த எடுத்துக்காட்டை நீக்கச் சொன்னது என் முடிவு. தொகுப்பு அச்சாகிவிட்டது. அந்த முடிவு சரிதானா என்ற கேள்வி மட்டும் இன்னும் விடவில்லை.

உரைப்பகுதியில் சிக்கல் இல்லை. எழுதிய ஆசிரியர் இலக்கணம் தெரிந்தவர். முதல் அடியை அப்படியே படித்தால் 'ஆராயாமல் நட்புக் கொள்வதில் கேடு இல்லை' என்று நேர்மாறாகப் பொருள் வந்துவிடும். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். 'நட்டலின்' என்பதில் உள்ள 'இன்' இங்கே ஒப்புப் பொருளில் வந்த ஐந்தாம் வேற்றுமை. ஆராயாமல் நட்பதைப் போன்ற கேடு வேறு இல்லை என்பதே பொருள். பரிமேலழகர் கொண்டதும் இதுதான். 'வீடு' என்றதும் குடியிருக்கும் வீடும் வீடுபேறும் நினைவுக்கு வரும். இங்கே அது விடுதல். கெடு என்பது நீண்டு கேடு ஆனது போல, விடு நீண்டு வீடு ஆகியிருக்கிறது. இதையெல்லாம் வரைவு சரியாகவே சொல்லியிருந்தது. இரண்டாம் அடிதான் முதல் அடிக்குக் காரணம் என்பதையும் விடாமல், 'நட்பு கொண்டபின் விட முடியாது. ஆகவே ஆராயாமல் நட்பதைப் போலக் கெடுதி வேறில்லை' என்று முறை மாற்றி எழுதியிருந்தார். எளிய உரையில் காரணத்தை முன்னால் வைப்பது நல்ல பழக்கம்.

எடுத்துக்காட்டு இது. வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர், பக்கத்து இருக்கைக்காரரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். கடன் வாங்கியவர் தவணையை நிறுத்துகிறார். வங்கி ஜாமீன்தாரரிடம் வருகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். வங்கி கொடுத்துவிட்ட கடனுக்குப் போட்ட கையெழுத்தை, மனம் மாறியது என்று கடிதம் எழுதித் திரும்பப் பெற முடியாது. வீடில்லை.

படிக்கிற யாருக்கும் ஒரே வாசிப்பில் விளங்கும். கேடு எவ்வளவு பெரியது என்பதும் தெரியும். ஆனாலும் தொலைபேசியில் ஆசிரியரிடம் நான் சொன்னது இதுதான்: "சார், இதுல அவரை விடாம பிடிச்சிருக்கிறது வங்கி. நட்பு இல்லையே."

"விட முடியலைங்கிறதுதானே சார் பொருள்? எது பிடிச்சா என்ன?"

"நட்பாள்பவர்க்குன்னு ஒரு சொல் இருக்கே. அது எங்க போச்சு?"

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாணவனுக்கு அவ்வளவு வேணுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன், வேண்டும் என்று. சொன்ன காரணம் இன்றும் எனக்கு வலுவாகவே படுகிறது. குறள் 'யாருக்கும் வீடில்லை' என்று சொல்லவில்லை. நட்பை விரும்பி அதில் நிலைத்து நிற்பவருக்கு வீடில்லை என்கிறது. நட்பை ஆளாதவருக்கு விடுவது எளிது. காரியம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். தவறான இடத்தில் நட்பு வைத்தால் கெடுவது உண்மையாக இருப்பவரே. அவருடைய நல்ல குணமே அவரைக் கட்டிப்போடுகிறது. அதனால்தான் ஆராய்ச்சி முன்கூட்டியே நடக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஜாமீன் கதையிலோ நல்லவர், கெட்டவர் யார் கையெழுத்துப் போட்டாலும் முடிவு ஒன்றுதான். 'நட்பாள்பவர்க்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் அந்தக் கதை அப்படியே நிற்கும். எடுத்துக்காட்டைச் சோதிக்க என்னிடம் இருக்கும் முறை இது ஒன்றுதான்: குறளில் ஒரு சொல்லை மூடிவிட்டுப் பார்த்தால் கதையில் எங்காவது ஓட்டை விழ வேண்டும்.

மாற்றி எழுதியது இப்படி வந்தது. ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருடன் ஒருவர் சட்டென நெருங்கிவிடுகிறார். முதல் மாதக் கணக்கு முடிப்பில் புதியவருடைய பகுதியையும் சேர்த்துச் சரிபார்த்துத் தருகிறார். அடுத்த மாதம் புதியவர் கேட்கவேயில்லை, தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். ஒரு மாதம் தொகை இடிக்கிறது. மேலாளர் விசாரிக்கும்போது, "சரிபார்த்தது அவர்தான்" என்கிறார் புதியவர். அதற்குப் பிறகும் தாள்கள் மேசைக்கு வரும்போது இவரால் மறுக்க முடியவில்லை. நண்பன் என்று ஏற்றுக்கொண்டாயிற்றே என்ற எண்ணம் தடுக்கிறது. புதியவர் வேறு பிரிவுக்கு மாறிப் போனபின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெருங்குவதற்கு முன், தன் பிழையைத் தன் பிழை என்று ஒத்துக்கொள்ளும் ஆளா புதியவர் என்று பார்த்திருக்கலாம். முன்பு கூட வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். குணமும் குடிமையும் குற்றமும் குன்றா இனமும் அறிந்து நட்புக் கொள்க என்று 793ஆம் குறள் தருகிற பட்டியலில் குணத்தையும் குற்றத்தையும் இனத்தையும் அலுவலகத்தில் இப்படித்தான் அறிய முடியும்.

இதில் 'நட்பாள்பவர்' இருக்கிறார். விட்டுப் போனவர் யார், விட முடியாதவர் யார் என்பது பிரிந்து தெரிகிறது. ஆனால் முந்தையதில் இருந்த வேகம் இதில் இல்லை. 'முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே' என்று ஒரு மாணவர் கேட்டால், இந்தக் கதைக்குள் அதற்குப் பதில் பலவீனமாகத்தான் இருக்கிறது. ஜாமீன் கதையில் அந்தக் கேள்வியே எழாது. குறளுக்கு உண்மையாக இருக்கப்போய், படிப்பவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. எழுதியவர் கேட்டது இதைத்தானே?

அவர் கடைசியாகக் கேட்ட இன்னொன்று இதைவிடக் கடினமானது. "அதே அதிகாரத்துல கடைசிக் குறள் 'ஒன்றீத்தும் ஒருவுக ஒப்பிலார் நட்பு'ங்குது சார். 797-லயும் பேதையார் கேண்மையை விட்டுடறதுதான் ஊதியம்ங்கிறார். அப்புறம் வீடில்லைன்னா என்ன அர்த்தம்?"

இரண்டையும் பொருத்திப் படிக்க வழி உண்டு. 'ஒன்றீத்தும்' என்பதால், விடுவதற்கு ஒரு விலை உண்டு என்றாகிறது. கேட்டதைக் கொடுத்தாவது விலகு என்று சொல்ல வேண்டிய அளவுக்கு விலகல் கடினம். அப்படியானால் 791 சொல்வது நட்பாள்பவரின் இயல்பு, 800 சொல்வது அந்த இயல்பையும் மீறி அவர் செய்ய வேண்டியது. அவரிடம் இப்படித்தான் சொன்னேன். ஆனால் 'வீடில்லை' என்பதில் எந்த நிபந்தனையும் இல்லை. கடினம் என்று வள்ளுவர் சொல்லவில்லை, இல்லை என்கிறார். 'இல்லை'யை 'எளிதில் இல்லை' என்று தளர்த்துவது உரைகாரனின் வசதிக்காகவோ என்ற ஐயம் எனக்கு உண்டு. முதல் குறள் அச்சுறுத்துவதற்காகவே முழு வலுவோடு சொல்லப்பட்டது, பின்னால் வருபவை பிழைத்துப்போக வழி காட்டுகின்றன என்றும் படிக்கலாம். அப்படிப் படித்தால் ஜாமீன் எடுத்துக்காட்டின் கடுமைதான் முதல் குறளுக்குப் பொருத்தம்.

அச்சில் போன உரை: 'நட்பில் உண்மையாக நிற்பவர், ஒருவரை நண்பராக ஏற்றபின் கைவிடமாட்டார். ஆகவே அவருக்கு, ஆராயாமல் நட்புக் கொள்வதைப் போலக் கெடுதி வேறில்லை.' 'விட முடியாது' என்று அவர் எழுதியிருந்ததை 'கைவிடமாட்டார்' என்று மாற்றியதும் நான்தான். எடுத்துக்காட்டை விட இந்த மாற்றத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார். மறுபதிப்பில் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டு, எதில் 'நட்பாள்பவர்' இருக்கிறார் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.